மூன்றே முக்கால் நிமிடம் தள்ளி இருந்த முடிவு: ஒரு போஸ்டர் விளக்கத்தின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

இரண்டு நாள் மாநாடு ஒன்றில் எங்கள் ஆய்வகத்து மாணவி ஒருத்தி போஸ்டர் வைத்திருந்தாள். ஆய்வில் இரண்டாம் ஆண்டு. போஸ்டர் முன்னால் நின்று பேசுவது அவளுக்கு அதுதான் முதல் முறை. நான் அதே ஆய்வகத்தில் அவளுக்கு மூத்தவள். எனக்கு அந்த மாநாட்டில் போஸ்டர் எதுவும் இல்லாததால், இரண்டு நாளும் ஐந்தாறு அடி தள்ளி ஒரு தூணோரமாக நின்று, யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், பேச்சின் எந்த இடத்தில் நகர்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருந்தேன். "நான் பேசுறப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா, நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று அவள்தான் கேட்டாள். இதை எழுதுவதற்கும் சம்மதித்திருக்கிறாள்.

பேச்சில் என்ன மாறியது என்று புரிய வேண்டுமானால் ஆய்வைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க விலை குறைந்த ஒரு சென்சார் உண்டு, மின்தேக்கி வகை. மண்ணில் செருகினால், சுற்றியுள்ள மண்ணின் ஒப்பு விடுதிறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்க அது எவ்வளவு உதவுகிறது என்பதை, அளந்து அதை ஈரமாகக் கணக்குப் போடும். தண்ணீரின் ஒப்பு விடுதிறன் சுமார் 80, உலர்ந்த மண்ணுக்கு 3 முதல் 5 வரைதான். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருப்பதால், கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் சென்சார் கண்டுபிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், மண் சூடானாலும் அளவு நகர்கிறது. எங்கள் மாணவி ஈரமண்ணைக் காற்றுப் புகாத ஜாடியில் அடைத்து, வெப்பநிலையை ஏற்றி இறக்கக்கூடிய பெட்டிக்குள் வைத்தாள். ஜாடியின் எடை மாறவில்லை, அதாவது உள்ளே தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் சூடு ஏற ஏற, ஈரம் கூடிவிட்டதாகச் சென்சார் காட்டியது.

வயலில் இதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. சென்சார் சொல்வதைக் கேட்டுத் திறந்து மூடும் தானியங்கி வால்வு, வெயில் உச்சத்தில், பயிருக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் நேரத்தில், 'ஈரம் போதும்' என்று மூடியே இருந்துவிடலாம். கூடவே ஒரு வெப்பமானி வைத்துக் கணக்கைத் திருத்தினால் மணல் கலந்த மண்ணில் பிழை நன்றாகக் குறைகிறது, உப்பு அதிகமுள்ள மண்ணில் அந்தத் திருத்தம் போதவில்லை என்பது அவளுடைய முடிவு.

போஸ்டர் ஏ0 அளவு, 841 மில்லிமீட்டர் அகலம், 1189 உயரம். மூன்று பத்திகள். இடப்பக்கம் அறிமுகமும் முந்தைய ஆய்வுகளும், நடுவில் செய்முறை, வலப்பக்கம் முடிவுகள். எடை மாறாமல் நேர்கோடாகப் போக, ஈர அளவு மட்டும் அலையாக ஏறி இறங்கும் அந்த முக்கியமான வரைபடம் வலப்பக்கத்தின் அடியில், இடுப்பு உயரத்தில் இருந்தது. இது பின்னால் பெரிய விஷயமாகிவிட்டது.

பேச்சை அவள் நன்றாகவே தயார் செய்திருந்தாள். ஐந்து நிமிடம், மனப்பாடம். ஆய்வகத்தில் எங்கள் முன்னால் நான்கு முறை பேசிக் காட்டினாள், நாங்களும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னோம். அப்போது நாங்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் யாரும் எழுந்து போகவில்லை. அந்த ஒத்திகை எதைச் சோதிக்கவில்லை என்பது முதல் நாள்தான் உறைத்தது.

## முதல் நாள் கண்டது

அமர்வு இரண்டு மணி நேரம். தலைப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தவர்களை விட்டுவிட்டு, நின்று அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்களை மட்டும் எண்ணினேன். 19 பேர். அதில் 11 பேர் முடிவைக் கேட்காமலே போய்விட்டார்கள்.

காரணம் கடிகாரத்திலேயே தெரிந்தது. அவள் பேச்சு பாசனத்தின் தேவையில் தொடங்கி, சென்சார் வகைகள், யார் என்ன செய்தார்கள், ஜாடி, பெட்டி, அளவீட்டு முறை என்று போய், "ஆனா எடை மாறல, அளவு மட்டும் ஏறுச்சு" என்ற வாக்கியத்துக்கு வந்து சேர மூன்றே முக்கால் நிமிடம் ஆனது. போனவர்களில் பெரும்பாலானோர் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு கட்டுரையை எழுதும் வரிசையிலேயே அவள் பேசிக்கொண்டிருந்தாள். எழுதியதைப் படிப்பவர் கடைசிப் பக்கத்துக்குத் தாவிக்கொள்ளலாம். நின்று கேட்பவருக்கு அந்த வழி கிடையாது, காத்திருக்க வேண்டும் அல்லது போக வேண்டும்.

இன்னொன்றும் பார்த்தேன். அவள் யாரையும் கவனிக்காமல் பேசவில்லை, எல்லோர் முகத்தையும் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் பார்த்ததைத் தப்பாகப் படித்தாள். தலையாட்டுபவர் ஆர்வமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு அவருக்கு இன்னும் விரிவாகச் சொன்னாள். வேகமாக, விடாமல் தலையாட்டிய மூன்று பேர் அன்று அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். அவள் மூச்சு விடும் இடம் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தது தூணோரத்திலிருந்து பார்த்த எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முகம் அவளைப் பார்த்து இருக்கும், ஒரு கால் மட்டும் நடைபாதைப் பக்கம் திரும்பியிருக்கும். அவள் முகத்தைத்தான் பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை.

அன்றைய நாளில் என் மனதை உறுத்தியது வேறொரு சம்பவம். நடுவயதுக்காரர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் சலனமே இல்லை. அவள் பேசத் தொடங்கியதும் அவர் நேராகக் குனிந்து அந்த வலப்பக்க வரைபடத்தின் அச்சு எண்களைப் படித்தார். அப்புறம் நிமிர்ந்து, "என்ன அதிர்வெண்ல வேலை செய்யுது இது?" என்று கேட்டார். இந்தத் துறையில் அதைவிட நேரான கேள்வி கிடையாது. சென்சார் எந்த அதிர்வெண்ணில் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மண்ணில் உள்ள உப்பும் சூடும் அளவை எவ்வளவு கெடுக்கும் என்பது இருக்கிறது. அவளுக்குப் பதில் நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது அவள் முந்தைய ஆய்வுகளில் இருந்தாள். "அது அடுத்து வருது சார், சொல்லிடறேன்" என்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவர் இன்னும் அரை நிமிடம் நின்றார், "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு மணி நேரத்தில் அவளோடு சமமாக உட்கார்ந்து பேசியிருக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பது என் கணிப்பு. அவரைத்தான் அவள் ஆர்வமில்லாதவர் என்று நினைத்திருந்தாள்.

அவள் நின்ற இடமும் உதவவில்லை. போஸ்டரின் இடப்பக்கம் நின்றாள், பேச்சு அங்கிருந்து தொடங்குவதால் அது இயல்பாக வந்தது. வரைபடத்தைக் காட்ட வேண்டிய நேரத்தில் உடம்பைத் திருப்பி, கையைக் குறுக்கே நீட்டி, குனிந்து, வந்தவருக்குத் தன் முதுகைக் காட்டித்தான் காட்ட வேண்டியிருந்தது.

## அன்று இரவு எடுத்த முடிவுகள்

அவள் சோர்ந்து போயிருந்தாள். "எனக்குப் பேச வரலைக்கா" என்றாள். பேசத் தெரியாததில்லை, வரிசைதான் சிக்கல் என்று குறிப்பேட்டைக் காட்டி விளக்கினேன். பிறகு இருவரும் சேர்ந்து நான்கு முடிவுகள் எடுத்தோம்.

முதலில் பேச்சையே உடைத்தோம். ஐந்து நிமிடத்தைச் சுருக்கி இரண்டு நிமிடமாக்குவதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. சுருக்கினாலும் முடிவு கடைசியில்தான் வரும், நடுவில் போகிறவர் வெறுங்கையோடுதான் போவார் என்பதால் அதை விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரை சொன்னது முழுதாக இருக்கும்படி அடுக்குகளாக வைத்தோம். முதல் அடுக்கு பத்து நொடி. அதை வார்த்தை வார்த்தையாக எழுதினோம்:

"மூடி வச்ச மண்ணுல தண்ணி கூடவே இல்ல. ஆனா மண்ணு சூடானா, ஈரம் கூடிடுச்சுன்னு இந்தச் சென்சார் சொல்லுது."

இதை எழுத எங்களுக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. முதலில் அவள் எழுதிய வாக்கியத்தில் 'மின்தேக்கி வகை மண் ஈரப்பத உணரிகளின் வெப்பநிலைச் சார்பு' என்று இருந்தது. அது தப்பில்லை, ஆனால் அதில் என்ன நடந்தது என்பது இல்லை, ஒரு தலைப்புதான் இருந்தது. அறைக்கு வந்த வேறு துறைத் தோழியிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்தோம். முதலாவதற்கு "ஓ, சரி" என்றாள். இரண்டாவதற்கு "அதெப்படி?" என்றாள். அந்த 'அதெப்படி' வருகிற வாக்கியத்தையே வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது அடுக்கு முக்கால் நிமிடம். எப்படித் தெரிந்தது (ஜாடியின் எடை), யாருக்கு அதனால் பாதிப்பு (மதியம் திறக்காத வால்வு), அவ்வளவுதான். மூன்றாவது அடுக்கு இரண்டு நிமிடம்: ஏன் இப்படி ஆகிறது, எப்படித் திருத்தினோம், எந்த மண்ணில் திருத்தம் தோற்றது. நான்காவதற்குப் பேச்சே எழுதவில்லை. அது அவர்கள் கேட்பதும் இவள் பதில் சொல்வதும்தான். ஒவ்வோர் அடுக்கின் முடிவிலும் வந்தவர் கூச்சமில்லாமல் போக ஒரு கதவு வைத்தோம்: "முக்கியமானது இவ்வளவுதான். ஏன்னு தெரிஞ்சுக்கணும்னா சொல்றேன்." போக நினைப்பவர் நன்றி சொல்லிப் போகலாம், இருப்பவர் 'ஏன்' என்று கேட்கலாம். ஆர்வத்தை முகத்தில் தேடி ஊகிப்பதைவிட அவர்களே சொல்லும்படி விடுவது நல்லது என்று நினைத்தோம். முகத்தைப் படிப்பதில் முதல் நாள் எவ்வளவு தவறு நடந்தது என்பது குறிப்பேட்டில் இருந்ததே.

இரண்டாவது முடிவு, முதல் அடுக்கு முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பது. அவள் முதலில் வைத்த கேள்வி "உங்களுக்கு இந்தத் துறை எவ்வளவு தெரியும்?". சொல்லிப் பார்த்ததும் தேர்வு அறை போல இருந்தது, தெரியாதவருக்குச் சங்கடம், தெரிந்தவருக்கும் சங்கடம். மாற்றி, "நீங்க இந்த மாதிரி சென்சார் கையாண்டிருக்கீங்களா?" என்று வைத்தோம். இதில் ஒரு ஓட்டை இருந்தது, அது மறுநாள்தான் தெரிந்தது. கேட்டுவிட்டு மூன்று நொடி வாயைத் திறக்கக் கூடாது என்பதையும் சேர்த்தோம். வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1970களிலேயே இதைக் காட்டியிருக்கிறார்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள், அதை மூன்று நொடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன. சொல்ல எளிது. போஸ்டர் முன்னால் மூன்று நொடி மௌனம் மிக நீளமாகத் தெரியும், அதனால் என்னை வைத்து அவள் பத்துத் தடவையாவது பழகினாள்.

மூன்றாவது, கேள்வி எப்போது வந்தாலும் அப்போதே பதில். "அது அப்புறம் வருது" என்ற வார்த்தையே கிடையாது. பதில் சொன்ன பிறகு விட்ட இடத்துக்குத் திரும்ப வேண்டிய கட்டாயமும் கிடையாது.

நான்காவது, இடம். போஸ்டரை மறுபடி அச்சிட முடியாது. 2019இல் மைக் மாரிசன் என்பவர் ஒரு வீடியோவில் முன்வைத்த வடிவம் எங்கள் இருவருக்கும் தெரியும், போஸ்டரின் நடுவில் முடிவை மட்டும் ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் போடுவது. அதை முழுதாகச் செய்ய வழியில்லை என்பதால், பத்து நொடி வாக்கியத்தை ஓர் ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டு, வலப்பக்கப் பத்தியின் மேல்பகுதியில், கண் மட்டத்தில் குத்திவைத்தோம். முக்கிய வரைபடத்தையும் தனியாக ஓர் ஏ4இல் எடுத்து அட்டையில் ஒட்டினோம், கையில் பிடித்துக் காட்ட. இனி வலப்பக்கம் நிற்பது என்றும் முடிவானது.

## இரண்டாம் நாள்

அதே இடம், அதே இரண்டு மணி நேரம்.

முதல் அரை மணி நேரம் அவள் தடுமாறினாள். பழைய மனப்பாடம் நாக்கில் இருந்ததால், பத்து நொடி வாக்கியத்தையும் கேள்வியையும் மறந்து நேராகப் பாசனத்தின் தேவைக்குள் போய்விட்டாள், இரண்டு முறை. மூன்றாமவருக்குச் சரியாக வந்தது. தேநீர்க் கோப்பையோடு கடந்துபோன ஓர் இளைஞர் அந்தத் தாளைப் படித்து நடையைத் தளர்த்தினார். அவள் வாக்கியத்தைச் சொன்னாள், கேள்வி கேட்டாள், காத்திருந்தாள். "இல்லங்க, நான் வேற துறை. சும்மா பார்த்தேன்" என்றார். அவள் ஜாடியின் எடையை மட்டும் சொல்லிவிட்டு, "முக்கியமானது இவ்வளவுதான்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போனார். மொத்தம் ஒரு நிமிடம் இருக்காது. அவள் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள், தோற்றுவிட்டது என்ற பொருளில். சுமார் நாற்பது நிமிடம் கழித்து அவர் வேறு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் அவள் வாயைத் திறக்கும் முன்பே, "மண்ணுல தண்ணி கூடல, ஆனா சூடானா கூடிடுச்சுன்னு காட்டுதாம்" என்று அவரே அவர்களுக்குச் சொன்னார். அந்த இருவரில் ஒருவர் தானியங்கிப் பாசனக் கருவி செய்பவர். அவர் மூன்றாவது அடுக்கையும் தாண்டி நின்றார்.

அடுத்த சிக்கல் நாங்கள் யோசிக்காதது. ஒருவரிடம் மூன்றாவது அடுக்கில், காரணத்தின் நடுவில் இருக்கும்போது, இன்னொருவர் வந்து சேர்ந்தார். அவள் மரியாதையாக அவருக்காக முதலிலிருந்து தொடங்கினாள். ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தவர் பத்து நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். இடைவெளி கிடைத்ததும் நான் போய், "புதுசா வர்றவருக்கு அந்த ஒரு வாக்கியம் மட்டும் போதும், அப்புறம் விட்ட இடத்துக்கே போயிடு" என்றேன். அடுத்த முறை அதேபோல நடந்தபோது வந்தவர் பக்கம் திரும்பி, "வாங்க, இவங்ககிட்ட காரணத்தைச் சொல்லிட்டிருந்தேன்" என்று ஆரம்பித்து, பத்து நொடி வாக்கியத்தைச் சொல்லி, கையிலிருந்த அட்டையை அவரிடமே கொடுத்துவிட்டு முன்னவரோடு தொடர்ந்தாள். புதியவர் அட்டையைப் பார்த்துக்கொண்டே காரணத்தையும் கேட்டார். இருவருமே இருந்தார்கள். அட்டையைக் கையில் கொடுப்பது திட்டத்தில் இல்லை, அந்த நொடியில் அவளாகச் செய்தது.

## கேள்வியில் இருந்த ஓட்டை

நேரம் முடிய அரை மணி இருக்கும்போது வயதில் பெரிய அம்மையார் ஒருவர் வந்தார். அவள் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "இந்த மாதிரி சென்சார் கையாண்டிருக்கீங்களா மேடம்?" என்றாள். "இல்லையே" என்றார் அவர். அவள் அதைப் 'புதியவர்' என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீர் இருந்தால் மின்சாரத்தை அதிகம் தேக்கும், கடற்பஞ்சு போல நினைத்துக்கொள்ளுங்கள் என்று எளிமையாக்கிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தண்ணியோட ஒப்பு விடுதிறன் சூடு ஏறினா குறையும்தானேம்மா? அப்ப உங்க சென்சார் ஈரம் குறைஞ்சதாத்தானே காட்டணும்? இது எதிர்ப் பக்கமால்ல போகுது?"

அவர் மின்காப்புப் பொருள்களில் பல வருடம் வேலை செய்தவர். சென்சாரைத் தொட்டதில்லை என்பது உண்மை. ஆனால் அந்தச் சென்சார் எதை அளக்கிறதோ அதை எங்கள் இருவரையும்விட நன்றாக அறிந்தவர். எங்கள் கேள்வி கருவியைக் கையாண்ட பழக்கத்தைத்தான் கேட்டது, விஷயம் தெரியுமா என்று கேட்கவில்லை.

இங்கே மூன்றாவது முடிவு காப்பாற்றியது. அவள் தன் அடுக்கை அப்படியே விட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கே பதில் சொன்னாள். அவர் சொன்னது சரி: தண்ணீரின் ஒப்பு விடுதிறன் அறை வெப்பநிலையை ஒட்டி ஒவ்வொரு டிகிரிக்கும் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஆனால் மண்ணில் இருப்பது சுத்தத் தண்ணீர் இல்லை, உப்பு கரைந்த தண்ணீர். அதன் மின்கடத்துதிறன் டிகிரிக்குச் சுமார் இரண்டு விழுக்காடு ஏறும். தாழ்ந்த அதிர்வெண்ணில் ஓடும் மலிவுச் சென்சாரால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, அதனால் ஏற்றம் இறக்கத்தை விழுங்கிவிடுகிறது. உப்பு மண்ணில் திருத்தம் தோற்றதற்கும் இதுதான் காரணம் என்று அவள் சொன்னபோது, அந்த அம்மையார் போஸ்டருக்கு ஓரடி நெருங்கி வந்தார்.

"சரி. ஆனா ஏறுறது முழுசும் மண்ணுலதான் நடக்குதுன்னு எப்படிச் சொல்ற? சென்சாரோட சர்க்யூட்டும் அதே பெட்டிக்குள்ளதானே சூடாச்சு?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. தூணோரத்தில் நான் மனதுக்குள் எண்ணினேன், நான்கு நொடி. பிறகு, "அதைத் தனியாப் பிரிச்சுப் பார்க்கல மேடம்" என்றாள். அந்த இடத்தில் எதையாவது சொல்லி மழுப்பாமல் இருந்ததற்காக அவளை அன்று மாலை மனதாரப் பாராட்டினேன். பேச்சு அங்கிருந்துதான் சூடுபிடித்தது. எப்படிப் பிரிக்கலாம் என்று இருவரும் போஸ்டரின் ஓரத்தில் பென்சிலால் வரைந்து பேசினார்கள், மொத்தம் பதினான்கு நிமிடம். அந்த நேரத்தில் வேறு இரண்டு பேர் வந்து, தாளையும் அட்டையையும் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களை வரவேற்க அவளால் முடியவில்லை. அந்த இழப்பு பரவாயில்லை என்றே நான் நினைக்கிறேன்.

அவர் போன பிறகு கேள்வியை மாற்றினோம்: "நீங்க எந்தப் பக்கத்திலேர்ந்து வர்றீங்க?" சென்சாரா, மண்ணா, பயிரா, இயற்பியலா, எதுவுமில்லையா என்று வந்தவர் தன் வாயாலேயே சொல்லிவிடுகிறார். ஆழம் மட்டுமல்ல, எந்த வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போவது என்பதும் அதிலேயே கிடைத்துவிடுகிறது. பயிர்ப் பக்கம் என்றால் வால்வில் தொடங்கலாம், இயற்பியல் என்றால் நேராக மின்கடத்துதிறனுக்குப் போகலாம்.

## பிறகு என்ன ஆனது

இரண்டாம் நாள் நின்று பேசியவர்கள் 26 பேர். முடிவைக் கேட்காமல் போனவர்கள் இரண்டு பேர்தான், இருவரும் அந்தத் தடுமாறிய முதல் அரை மணி நேரத்தில் வந்தவர்கள். பத்து நொடியிலேயே முடிவைச் சொல்லிவிட்டால் இந்த எண் குறையத்தான் செய்யும், அதனால் இதைப் பெரிய சாதனையாக நான் காட்டவில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: முதல் நாள் யாரும் ஆறு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை, இரண்டாம் நாள் ஐந்து பேர் பத்து நிமிடம் தாண்டினார்கள். சுருக்கமாகத் தொடங்கியதால் பேச்சு சுருங்கிவிடவில்லை.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். இரண்டு நாளும் வந்த கூட்டம் ஒன்றல்ல. முதல் நாள் பயம் இரண்டாம் நாள் அவளுக்கு இல்லை. தாள், இடம், வரிசை, கேள்வி எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றியதால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியாது. குறிப்பெடுத்தவளும் யோசனை சொன்னவளும் நானே.

மாநாடு முடிந்து ஊர் திரும்பியதும் அவள் முதலில் செய்தது அந்த அம்மையார் கேட்ட சோதனை. சென்சாரின் முனை மாறாத வெப்பநிலையில் இருக்கும் மண்ணில், சர்க்யூட் இருக்கும் தலைப்பகுதி மட்டும் சூட்டில். அளவு அப்போதும் நகர்ந்தது. மண்ணில் நடப்பதாக நாங்கள் எழுதியிருந்ததில் ஒரு பங்கு சர்க்யூட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. திருத்தச் சூத்திரத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து மறுபடி எழுத வேண்டி வந்தது, வேலை இரண்டு மாதம் நீண்டது. எங்கள் கைடு அதைக் கட்டுரையில் தனிப் பிரிவாகவே வைக்கச் சொல்லிவிட்டார்.

அதிர்வெண் கேட்டுவிட்டுப் போன அந்த முதல் நாள் மனிதரை இரண்டாம் நாள் அவள் தேடினாள். கிடைக்கவில்லை.

## மறுபடி செய்தால் மாற்றுவது

ஒத்திகையை முதலில் மாற்றுவேன். உட்கார்ந்து கேட்பதற்குப் பதிலாக, ஆய்வகத்தில் உள்ளவர்கள் நின்று கேட்க வேண்டும், தோன்றிய இடத்தில் நடுவில் குறுக்கிட்டுக் கேள்வி கேட்க வேண்டும், ஒருவர் சொல்லாமல் எழுந்து போக வேண்டும், இன்னொருவர் பாதியில் வந்து சேர வேண்டும். முதல் நாள் நடந்த எல்லாமே ஆய்வகத்துக்குள்ளேயே நடந்திருக்கலாம்.

போஸ்டரைப் பேச்சு எழுதிய பிறகுதான் வரைய வேண்டும். முக்கிய வரைபடம் கண் மட்டத்தில், பேசுபவர் நிற்கும் பக்கத்தில். அறிமுகமும் முந்தைய ஆய்வுகளும் இடுப்புக்குக் கீழே போகட்டும், கேட்பவர் மட்டும் குனிந்து பார்க்கட்டும்.

நீண்ட உரையாடல் ஒன்று நடக்கும்போது புதிதாக வருபவர்களிடம் அந்த ஒரு வாக்கியத்தையாவது சொல்ல இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பதினான்கு நிமிடமும் நான் தூணோரம் குறிப்பெடுத்துக்கொண்டுதான் நின்றேன். இரண்டு எட்டு வைத்துப் போய் அந்த அட்டையை நானே எடுத்துக் காட்டியிருக்கலாம்.

கேள்விகளை அன்றன்றே எழுதிவைக்க ஒரு சிறு நோட்டு வேண்டும். அம்மையாரின் கேள்வி நினைவில் நின்றது, ஆனால் பாசனக் கருவி செய்பவர் கேட்ட மூன்றில் ஒன்றை இருவருமே மறந்துவிட்டோம். அவள் இப்போது அட்டையின் பின்பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.